ஒருவரே பேசும் குழுவில் தலைவர் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் சங்கத்தின் செயற்குழுவில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். இந்த ஆண்டுதான் நான் தலைவரானேன். முன்னாள் தலைவர் ஒருவர் உறுப்பினராகத் தொடர்கிறார். என்னைவிட மூத்தவர், சங்கத்துக்காக உழைத்தவர். எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் பேசுபவர் அவர்தான், முடித்துவைப்பவரும் அவர்தான். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம் குறைப்படுகிறார்கள். அரங்கத்தின் கூரை ஒழுகும் விஷயத்தில் இரண்டு முறை தீர்மானம் போட்டோம். யாரும் வேலையில் இறங்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் அதே பொருள் வருகிறது. அவர் மனம் நோகாமல் அவரை எப்படி நிறுத்துவது?
— ஒரு சங்கத் தலைவர்

பதில்: அன்புள்ள தலைவருக்கு, அவரை நிறுத்த வேண்டியதில்லை. அவர் முதலில் பேசுவதை மட்டும் மாற்றுங்கள். நீளமாகப் பேசுவதைவிட முதலில் பேசுவதுதான் உங்கள் குழுவை அதிகம் கெடுக்கிறது.

மூத்தவர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே "ஒழுகும் இடத்தை அடைத்தால் போதும்" என்று சொல்லிவிட்டால், அதே எண்ணத்தில் இருப்பவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வேறு எண்ணத்தில் இருப்பவரோ இனி தன் கருத்தைச் சொல்வதில்லை, ஒரு பெரியவரை எதிர்க்கிறார் என்றாகிவிடுகிறது. அந்தச் சங்கடம் வேண்டாமென்று பேசாமல் இருந்துவிடுகிறார். "எல்லோரும் சுருக்கமாகப் பேசுங்கள்" என்று பொதுவாக வேண்டிக்கொள்வதாலும் பயனில்லை. அதற்குக் கட்டுப்படுபவர்கள் ஏற்கெனவே குறைவாகப் பேசுபவர்கள் மட்டுமே.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். நிகழ்ச்சி நிரலில் 'அரங்கக் கூரை' என்று தலைப்பு மட்டும் இருந்தால், யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம், முந்திக்கொள்பவர் தொடங்குவார். அதைக் கேள்வியாக எழுதுங்கள்: "கூரையை இந்த ஆண்டு பழுதுபார்த்துச் சமாளிப்பதா, மழைக்காலத்துக்கு முன் முழுவதும் மாற்றுவதா? இந்தக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும்." இரண்டுக்கும் வாங்கிய மதிப்பீடுகளை அதனுடன் இணைத்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது வேலை, முன்னாள் தலைவரைத் தனியாக, நேரில் சந்திப்பது. புதிய முறையைக் கூட்டத்தில் திடீரென்று அறிவித்தால், தனக்காகவே செய்தது என்று அவருக்கு உடனே புரியும். பலர் முன்னிலையில் புரிவதுதான் புண்படுத்தும். நேரில் இப்படிச் சொல்லலாம்: "ஐயா, உங்கள் கருத்துக்கு இருக்கும் கனத்தால், நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. இரண்டு தீர்மானம் போட்டும் வேலை நடக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இந்த முறை எல்லோரும் முதலில் எழுதிக்கொள்ளட்டும், பிறகு வரிசையாகப் பேசட்டும். உங்களுக்கும் அதே வரிசைதான்." பாராட்டில் தொடங்கிப் பாராட்டில் முடித்து, நடுவில் விஷயத்தை ஒளித்துவைக்காதீர்கள். பேச்சைக் குறைக்கும் தந்திரமாகக் குறிப்பெழுதும் வேலையை அவரிடம் கொடுப்பதும் வேண்டாம். உங்கள் சங்கத்தையே நடத்தியவர், கண்டுபிடித்துவிடுவார்.

இனி கூட்டம். கூரைக்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் செயலாளர் கேள்வியையும் மதிப்பீடுகளையும் வாசிக்கட்டும். கருத்து ஏதும் சொல்லக் கூடாது. அடுத்த மூன்று நிமிடம் யாரும் பேசாமல், தன் விருப்பத்தையும் அதற்கான காரணத்தையும் தாளில் எழுத வேண்டும். இப்படி முதலில் எழுதி, பிறகு வரிசையாகச் சொல்லும் முறையை டெல்பெக், வான் டி வென் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1971-இல் வகுத்துக் கொடுத்தார்கள். எழுதி முடித்தவரிடம், மற்றவர் பேச்சைக் கேட்பதற்கு முன்பே தனக்கென்று ஒரு நிலை இருக்கிறது. அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்படி ஒரு நிலையே இல்லாததுபோல் தலையாட்டுவது கடினம்.

அதன்பின் ஆளுக்கு ஒரு நிமிடமாக ஒரு சுற்று. மொத்தம் ஒன்பது நிமிடம். எழுதியதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சுற்று முடியும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, மறுப்பும் கூடாது. செயலாளர் ஒவ்வொரு காரணத்தையும் பெயர் போடாமல் பலகையில் எழுதட்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முன்னாள் தலைவர் முதலில் பேசக் கூடாது என்பதற்காக அவரைக் கடைசியில் விடாதீர்கள். கடைசியில் பேசுபவரின் சொல் தீர்ப்பாக ஒலிக்கும். அப்புறம் பழைய கதைதான். அவருக்கு நான்கு, ஐந்து இருக்கைகள் முன்னால் இருப்பவரிடம் சுற்றைத் தொடங்கினால், அவர் நடுவில் வருவார். அடுத்தடுத்த கூட்டங்களில் தொடங்கும் இடம் மாறட்டும். நீங்கள் எல்லோருக்கும் பின்னால், மிகச் சுருக்கமாகப் பேசுங்கள்.

"எனக்கு முன்னால் பேசியவர் சொன்னதேதான்" என்று ஒருவர் நழுவப் பார்த்தால், விட்டுவிடாமல் "அதில் எந்தக் காரணம் உங்களுக்கு முக்கியம்?" என்று கேளுங்கள். வேலைக்கு உதவும் தகவல்கள் பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வரும். இரண்டு மதிப்பீட்டிலும் சாரம் கட்டும் செலவு சேரவில்லை என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். ஒரு மாதம் அரங்கத்தை மூடினால் மாலை வகுப்புகள் எங்கே நடக்கும் என்ற கவலை அதை நடத்தும் உறுப்பினரிடம் மட்டும் இருக்கலாம்.

பிறகு எட்டு நிமிடம் திறந்த விவாதம். உங்களுக்குத் தொல்லை வரக்கூடிய இடம் இதுதான். 1876-இல் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் தொகுத்து வெளியிட்ட கூட்ட விதிகளை இன்றும் பல சங்கங்கள் பின்பற்றுகின்றன. ஒரு பொருளில் ஒருவர் இருமுறைதான் பேசலாம் என்றும், இன்னும் பேசாத ஒருவர் பேச விரும்பும்போது ஏற்கெனவே பேசியவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்றும் அவை சொல்கின்றன. ஆனால் அதே விதிகளின் இன்றைய பதிப்பு, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு மேற்படாத குழுக்களுக்கு அந்த எண்ணிக்கை வரம்பைத் தளர்த்திவிடுகிறது. சிறிய குழுவில் பேச்சு இயல்பாக ஓடட்டும் என்பது நோக்கம். உங்களுடையதைப் போன்ற குழுவில் அந்த இடைவெளியில்தான் ஒருவரே நிறைந்துவிடுகிறார். ஆகவே, 'பேசாதவருக்கே முதல் வாய்ப்பு' என்ற ஒன்றை மட்டும் உங்கள் குழுவின் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கை தூக்கியவர்களின் பெயரை ஒரு தாளில் வரிசையாகக் குறித்து, "அடுத்து பொருளாளர், அதன்பின் நீங்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள். தன் முறை வரும் என்று தெரிந்தால் பலர் பொறுமையாக இருப்பார்கள்.

அப்படியும் அவர் நீட்டிக்கொண்டே போனால், மூச்சு விடும் இடத்தில் விளித்து, அவர் சொன்னதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி, இன்னொருவரிடம் குறிப்பான ஒரு கேள்வியைக் கொடுங்கள். "ஐயா, மரச்சட்டங்கள் இன்னும் உறுதியாக இருக்கின்றன என்கிறீர்கள், பலகையில் இருக்கிறது. பொருளாளரே, சாரத்துக்கு எவ்வளவு ஆகும்?" ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்களில் பலருக்கு, தான் சொன்னது காதில் விழுந்ததா என்ற சந்தேகம்தான் காரணம். பலகையில் பார்த்தால் அது தணியும். ஆனால் "சரிதானே ஐயா?" என்று முடித்துவிடாதீர்கள், அடுத்த ஐந்து நிமிடம் போய்விடும். கேள்வி கேட்கும்போது உங்கள் பார்வை பொருளாளர் மீது இருக்கட்டும். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டே போவது வழக்கம் என்பதால், முன்னாள் தலைவருக்கு உங்கள் பக்கத்து இருக்கையைக் கொடுங்கள். அது மரியாதையான இடமும்கூட.

கடைசி மூன்று நிமிடம் முடிவுக்கு. "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டு, யாரும் பேசாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டதால்தான் உங்கள் பழைய தீர்மானங்கள் அசையவில்லை என்பது என் கணிப்பு. தீர்மானத்தை ஒரே வாக்கியமாக வாசித்துவிட்டு, எல்லோரையும் ஒரே நேரத்தில் விரல் காட்டச் சொல்லுங்கள். ஒரு விரல் என்றால் ஏற்கிறேன். இரண்டு என்றால் முழு உடன்பாடு இல்லை, ஆனாலும் நடத்திக்கொடுப்பேன். மூன்று என்றால் ஏற்க முடியாது. ஒரே நேரத்தில் என்பது முக்கியம். இல்லாவிட்டால் முதல் கையைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும்.

"மழைக்கு முன் கூரை முழுவதையும் மாற்றுவது" என்பதற்கு ஐந்து பேர் ஒரு விரலும் மூன்று பேர் இரண்டு விரலும் காட்ட, முன்னாள் தலைவர் மட்டும் மூன்று விரல் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரோடு வாதாடாமல், "தீர்மானத்தில் எதை மாற்றினால் இரண்டுக்கு வருவீர்கள்?" என்று கேளுங்கள். "சேமிப்பு நிதி முழுவதும் கரைந்துவிடும், பாதியாவது இருக்க வேண்டும்" என்கிறார். இது நல்ல கவலை. 'ஒழுகும் வடக்குப் பாதி இப்போது, மற்றப் பாதி அடுத்த ஆண்டு' என்று தீர்மானத்தைத் திருத்தி, மறுபடியும் விரல் கேளுங்கள். அப்போதும் மூன்று என்றால், உங்கள் சங்க விதிப்படி வாக்கெடுத்து, அவருடைய மாற்றுக் கருத்தைக் காரணத்தோடு கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். கருத்தொற்றுமைக்கு முயல்வது உங்கள் கடமை. அதற்காக ஒருவர் கையில் முடிவைத் தடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. யார், எந்தத் தேதிக்குள் வேலையைத் தொடங்குவார் என்பதையும் அதே குறிப்பில் எழுதிய பிறகே அடுத்த பொருளுக்குப் போங்கள்.

எல்லாப் பொருளுக்கும் இப்படிச் செய்தால் கூட்டம் நள்ளிரவைத் தொடும். கருத்து வேறுபாடு உள்ள ஒரே ஒரு பொருளுக்கு வைத்துக்கொண்டால் போதும். கட்டடத்தைப் பற்றி உண்மையிலேயே அவருக்கு மட்டும் தெரிந்தவை இருந்தால், எழுதும் நேரத்துக்கு முன்பே அவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். தகவல் மட்டும் சொல்ல வேண்டும், பரிந்துரை கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முன்னேற்றம் தெரிய வேண்டுமானால், யார் எத்தனை முறை பேசினார் என்று செயலாளர் தன் தாளில் கோடு போட்டு வரட்டும். இரண்டு மூன்று கூட்டத் தாள்களை நீங்கள் இருவரும் ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்குக் காட்ட வேண்டாம்.

வெளியே வந்து உங்களிடம் குறைப்படுபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அவர்கள் சொல்வதை "சிலர் நினைக்கிறார்கள்" என்று கூட்டத்தில் நீங்கள் எடுத்துவைத்தால், அது உங்களுக்கும் அவருக்குமான மோதலாகிவிடும். சொன்னவர் அப்போதும் பேசாமல்தான் இருப்பார். அடுத்த முறை யாராவது வாசலில் உங்களைப் பிடித்துக்கொண்டால், "இதை நான் உங்களுக்காகச் சொல்ல மாட்டேன். சுற்றில் உங்களிடம் இரண்டாவதாக வருகிறேன், இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்" என்று கூறி, சொன்னபடியே அவரிடம் இரண்டாவதாகப் போங்கள்.