டெண்டர் சுருக்கத்தில் வரிக்கு வரி தாள் வேண்டும்: கேள்வி பதில்

டெண்டர் எழுதும் பக்கமும் அதைப் படித்து மதிப்பெண் போடும் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். இன்று டெண்டரின் முன்னால் வைக்கும் முகப்புச் சுருக்கம் பற்றி மட்டும் கேளுங்கள்.

அம்பாசமுத்திரம், ஒப்பந்தக்காரர்: அண்ணாச்சி, ஒரு கல்வி அறக்கட்டளையின் மூன்று தள வகுப்பறைக் கட்டடத்துக்கு டெண்டர் போடுகிறோம். சுருக்கத்தில் "பள்ளிக் கட்டடங்களில் பரந்த அனுபவம், தரத்தில் சமரசமில்லை, குறித்த காலத்தில் முடிப்போம்" என்று எழுதியிருக்கிறோம். சரியா?

தம்பி, உங்களோடு போட்டியிடும் எல்லாரும் இதையே எழுதியிருப்பார்கள். படிப்பவர் இதை வைத்து உங்களுக்கு ஒரு மதிப்பெண்கூடத் தர முடியாது. ஒவ்வொரு சொல்லையும் பிடித்து, "இதை அவர் எந்தத் தாளில் பார்ப்பார்?" என்று கேளுங்கள். தாள் இல்லாத சொல்லை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் தனியாக அனுப்பிய விவரங்களை வைத்து நான் இப்படி எழுதுவேன்:

"பாளையங்கோட்டை அருகே தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட 1,460 சதுர மீட்டர் பள்ளிக் கட்டடத்தை, 12 மாத ஒப்பந்தத்தில் 11 மாதத்தில் முடித்தோம்: நிறைவுச் சான்று, பக்கம் 14. அதன் எம்25 கான்கிரீட்டுக்கு 18 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 28 நாள் வலிமையில் மிகக் குறைந்த முடிவு சதுர மில்லிமீட்டருக்கு 27.4 நியூட்டன்: ஆய்வக அறிக்கைகள், பக்கம் 22 முதல் 31 வரை. எங்கள் இரண்டாவது பள்ளிக் கட்டடம் 12 மாதத்துக்குப் பதில் 14 மாதம் எடுத்தது. மழைக்காக உரிமையாளர் தந்த 2 மாத நீட்டிப்புக் கடிதம்: பக்கம் 33."

இரண்டு இடங்களைக் கவனியுங்கள். கான்கிரீட் மாதிரிகளின் கியூப் டெஸ்டில் சராசரியைப் போடாமல் மிகக் குறைந்த முடிவைப் போட்டிருக்கிறேன். சராசரிக்குள் மோசமான ஒரு வார்ப்பு மறைந்துகொள்ளும், அது படிப்பவருக்கும் தெரியும். அடுத்து, தாமதமான கட்டடத்தையும் சொல்லியிருக்கிறேன். சான்றிதழில் இரண்டு தேதியும் இருக்கிறது, அவர் எப்படியும் பார்ப்பார். நீங்கள் சொல்லாமல் அவர் கண்டுபிடித்தால், "11 மாதத்தில் முடித்தோம்" என்ற வரியையும் நம்ப மாட்டார்.

"குறித்த காலத்தில் முடிப்போம்" என்பது வேறு வகை. இன்னும் நடக்காத வேலைக்குச் சான்று கிடையாது. ஆனால் பின்னால் அளந்து பார்க்கிற மாதிரி எழுதலாம். ஜூன் தொடக்கத்தில் மனை கைக்கு வந்தால், வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன், அக்டோபர் முதல் வாரத்துக்குள் அடித்தளமும் பிளிந்தும் முடிந்து உள்ளே மண் நிரப்பியிருப்போம் என்று எழுதுங்கள். வேலை அட்டவணையில் அந்த வரி எந்தப் பக்கம் என்றும் சேருங்கள். மழை எப்போது வரும் என்று யோசித்தவர் இவர் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

தென்காசி: சுருக்கத்திலேயே மொத்த விலையையும் போட்டுவிட்டால் அவர்களுக்கு வசதிதானே?

போடவே போடாதீர்கள். இரண்டு உறை முறையில் தொழில்நுட்ப உறைக்குள் விலை தெரிந்தால் டெண்டரையே தள்ளிவிடுவார்கள். "குறைந்த விலையில்" என்ற சொல்கூட அங்கே வேண்டாம்.

நாங்குநேரி: அரசு டெண்டருக்கும் இதே மாதிரி எழுதணுமா?

தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்றால், சுருக்கத்துக்கு மதிப்பெண் இல்லை. கேட்ட படிவங்களைச் சரியாக நிரப்புங்கள், அது போதும். தரத்துக்கும் மதிப்பெண் உள்ள டெண்டர், அறக்கட்டளை, ஆலை, மருத்துவமனை வேலைகளில்தான் சுருக்கம் உங்களைத் தூக்கும் அல்லது கவிழ்க்கும்.

வள்ளியூர்: ஒரு பாலத்தின் தூண் எல்லாம் நாங்கதான் போட்டோம், சப்-காண்ட்ராக்டில். ஊருக்கே தெரியும். "பாலம் கட்டினோம்"னு எழுதலாம்ல?

எழுதக் கூடாது. நிறைவுச் சான்று முதன்மை ஒப்பந்தக்காரர் பெயரில் இருக்கும். அவரும் இதே டெண்டரில் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். "துணை ஒப்பந்தத்தில் தூண்களின் சென்டரிங், கம்பி கட்டுதல், கான்கிரீட் வேலைகள்" என்று எழுதி, வேலை ஆணையின் பக்கத்தைப் போடுங்கள். உண்மையும் அதுதான்.

பாளையங்கோட்டை, பொறியாளர்: வேலை ஆணைகூட வேண்டாம். 26ஏஎஸ் எடுத்து வைத்தால் போதும். டிடிஎஸ் பிடித்தது அதில் வந்துவிடும்.

பாதி சரி. அவர் உங்களுக்குப் பணம் தந்து வரி பிடித்தார் என்பது அதில் தெரியும். தூண் போட்டதற்கா, மண் அள்ளியதற்கா என்பது தெரியாது. பில்லும் வேலை ஆணையும் சேர்ந்தால்தான் அது பேசும்.

வள்ளியூர்: வேலை ஆணையே தரலை அண்ணாச்சி. எல்லாம் வாய்ப்பேச்சு. இப்போ கடிதம் கேட்டா போனையே எடுக்க மாட்டேங்காரு.

அப்படியென்றால் ஜிஎஸ்டி பில், 26ஏஎஸ், வங்கிக் கணக்குப் பதிவு மூன்றையும் ஒரே தொகைக்கு ஒன்றோடொன்று பொருந்தும்படி வையுங்கள். பில்லில் வேலையின் விவரம் எழுதியிருந்தால் ஓரளவு நிற்கும். வெறும் "லேபர் சார்ஜ்" என்று இருந்தால், சுருக்கத்தில் அந்தப் பாலத்தை விட்டுவிடுங்கள்.

களக்காடு: அது நியாயமா? வெயிலில் நின்று வேலை செய்தவன் ஒருத்தன், சான்று வாங்குபவன் இன்னொருத்தன். எல்லாரும் இப்படிச் சொன்னால் சின்ன ஆளு எப்ப மேலே வருவான்?

நியாயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். இதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் படிக்கிறவர் கையில் இருப்பது தாள் மட்டும். அடுத்த வேலைக்குப் போகும் முன்னாலேயே அளவும் தொகையும் எழுதிய ஒரு பக்க ஆணை வாங்குங்கள்.

பாளையங்கோட்டை, பொறியாளர்: துணை ஒப்பந்த அனுபவத்தையே ஏற்காத டெண்டர்களும் இருக்கே. அங்கே இதை எழுதுவதே வீண்தானே?

தகுதிக்கு அது கணக்கில் வராது. மதிப்பெண் பகுதியில் சிலர் பார்ப்பார்கள், சிலர் பார்ப்பதில்லை. டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். பதில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி வரும்.

சங்கரன்கோவில்: எங்க அப்பா காலத்துலேர்ந்து முப்பது வருஷ அனுபவம். அதை எழுதலாமா?

நிறுவனம் எந்த ஆண்டு பதிவானது? அந்த ஆண்டை எழுதுங்கள். அப்பாவின் வேலைகளை அவர் பெயரில் உள்ள சான்றோடு தனியாகச் சொல்லலாம். பக்க எண்ணோடு.

கடையநல்லூர்: "நவீன இயந்திரங்கள்" என்று போடலாமா?

மேலே சொன்னதுதான். எந்த இயந்திரம், சொந்தமா வாடகையா, ஆர்சி அல்லது வாடகை ஒப்பந்தம் எந்தப் பக்கம்.

மேலப்பாளையம்: "திறமையான பணியாளர்கள்"?

இதுவும் அதேதான். இந்த வேலைக்கு வரப்போகும் தளப் பொறியாளர் பெயர், அவர் முடித்த வேலை, அவர் கையெழுத்திட்ட சம்மதம். இனி "இந்தச் சொல் போடலாமா" என்று கேட்காதீர்கள். தாள் இருந்தால் போடுங்கள்.

ராதாபுரம்: முன்வைப்புத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் எத்தனை நாளைக்கு எடுக்கணும்?

டெண்டர் ஆவணத்தில் இருக்கும். இன்றைய பேச்சு அதுவல்ல.

அம்பாசமுத்திரம், ஒப்பந்தக்காரர்: நீங்க சொன்ன மாதிரி வெட்டினதில் சுருக்கம் முக்கால் பக்கம்தான் வருது. காலியா தெரியுதே?

அப்படியே விடுங்கள் தம்பி. இன்னொன்று மட்டும் பாருங்கள். கடைசி நேரத்தில் ஒரு சான்றைச் செருகினால் அதற்குப் பிந்தைய பக்க எண் எல்லாம் மாறும். முன்னால் அட்டையும் பொருளடக்கமும் சேர்ந்தால், தாளில் முத்திரை குத்திய எண்ணும் திரையில் காட்டும் எண்ணும் வேறாகிவிடும். நீங்கள் 14 என்று எழுதிய இடத்தில் அவர் திறந்தால் பான் கார்டு நகல் நிற்கும். எல்லாம் சேர்த்த பிறகு எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு இந்த டெண்டரையே பார்க்காத ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, சுருக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் உரிய பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தேடி நிற்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.