படுக்கைப்புண்ணில் மஞ்சள் தெரிந்தால் எந்த நிலை?

"அம்மாவுக்கு வால் எலும்புமேல் படுக்கைப்புண். போட்டோவில் நடுவே மஞ்சளாக இருக்கிறது. இது 2-ஆம் நிலையா, 3-ஆ?"

2-ஆம் நிலையில் புண்ணின் அடி ஈரமாக, இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோதான் இருக்கும். மஞ்சள் தெரிந்தால் அதைவிட ஆழம். ஆனால் அந்த மஞ்சள் எது என்பதே முக்கியம். பளபளப்பான சிறு உருண்டைகளாக இருந்தால் கொழுப்பு. அடியில் அதுவரைதான் தெரிகிறது என்றால் 3-ஆம் நிலை. மங்கலாக, நார் நாராக ஒட்டியிருந்தால் இறந்த திசு. அது அடியை முழுக்க மறைத்தால் எண் போடக்கூடாது, "நிலை கணிக்க இயலாதது" என்றே குறிக்க வேண்டும். நீக்கியபின் 3 அல்லது 4 வெளிப்படும். தசையோ எலும்போ தெரிந்தால் 4.

களிம்பும் சீழும் படத்தில் இறந்த திசுபோலவே தெரியும். எனவே சலைனால் கழுவியபின், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். ஓரத்தோலுக்கு அடியில் ஓடும் குழி எந்தப் படத்திலும் வராது. நர்ஸ் கிருமிநீக்கிய பஞ்சுக்குச்சியால் அளந்து பார்க்க வேண்டும்.