வேட்டி வெள்ளையை நம்பாதீர்கள்: கல்யாணப் படங்களின் வண்ணத் திருத்தம் பற்றிச் சில கேள்விகள்

காரைக்குடிப் படக்காரர்: அக்கா, கல்யாணம் முழுவதும் பழைய வீட்டின் வளவில் நடந்தது. ஒரு படத்தைத் திருத்தி, அதையே எல்லாப் படங்களுக்கும் போட்டேன். சில முகங்கள் நீலம், சில முகங்கள் மஞ்சள். மென்பொருள் கெட்டுவிட்டதா?

மென்பொருள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. முற்றத்தில் இறங்குவது வானத்து வெளிச்சம்; பெரும்பாலும் 6,000 கெல்வினுக்கு மேல், அதாவது நீலச் சாயலாக இருக்கும். நான்கடி தள்ளித் தூணுக்குப் பின்னால் எரிவது 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கு. பெண் ஓரடி நகர்ந்தாலே வேறு படம்.

படங்களை நேரப்படி அல்ல, வெளிச்சப்படி பிரியுங்கள். அண்மையில் நான் செய்த வேலையில் கழித்தது போக 700 படங்கள் நின்றன. முகப்பு, முற்றம், மஞ்சள் விளக்கு, ஃபிளாஷ், தூணோரம் என்று ஐந்து குவியல். குவியலுக்கு ஒரு தாய்ப் படத்தை மட்டும் பொறுமையாகத் திருத்தினேன். லைட்ரூமில் அந்தத் திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் ஏற்ற Sync கொடுக்கும்போது வெள்ளைச் சமநிலையையும் புரொஃபைலையும் மட்டும் தேர்ந்தெடுத்தேன், எக்ஸ்போஷரைச் சேர்க்கவில்லை. வெளிச்சம் மாறாமல் கேமரா அமைப்பு மட்டும் மாறிய வரிசைக்கு Match Total Exposures போதும். மேகம் வந்து போன வரிசையைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

தூணோரக் குவியல்தான் வம்பு. ஒரே முகத்தில் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். அங்கே முகத்துக்குச் சமநிலை வைத்துவிட்டு, மறுபக்கத்தை மாஸ்க் போட்டுத் தனியாகத் திருத்த வேண்டும். தரையில் ஆத்தங்குடிக் கல் பச்சையாக இருந்தால் தாடைக்குக் கீழேயும் அந்தப் பச்சை ஏறியிருக்கும். அதை Sync தீர்க்காது.

தேவகோட்டை ஸ்டூடியோக்காரர்: இவ்வளவு பாடு எதற்கு? மாப்பிள்ளை வேட்டியில் ஐட்ராப்பரை வைத்தால் முடிந்தது. வெள்ளை வெள்ளைதானே?

நடுநிலையான ஒன்றைத் தொட வேண்டும் என்ற வரை சரி. ஆனால் வேட்டியில் நீலம் போட்டிருப்பார்கள். புது வேட்டி என்றால் வெண்மை கூட்டும் பொருளும் சேர்ந்திருக்கும். நிழலிலும் ஃபிளாஷிலும் அது நீலம் காட்டும். அதைத் தொட்டால் மென்பொருள் மஞ்சளைக் கூட்டி ஈடுகட்டும். வேட்டி அழகாகும், மாப்பிள்ளைக்கு மஞ்சள்காமாலை வந்துவிடும். இடம் மாறும்போதெல்லாம் சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துவிடுங்கள், ஐட்ராப்பரை அந்த அட்டையில் வையுங்கள். பத்து விநாடி வேலை.

கண்டாங்கிச் சேலை விற்பவர்: என் கேள்வி கல்யாணம் பற்றியது அல்ல. அரக்கு நிறச் சேலை படத்தில் ரத்தச் சிவப்பாகத் தெரிகிறது. வாங்குபவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள்.

இதில் வெள்ளைச் சமநிலை மட்டும் காரணம் அல்ல. சிவப்பு அலைவரிசை உச்ச அளவான 255-ஐத் தொட்டு நிரம்பிவிட்டால் நெசவும் கட்டமும் அழிந்து ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். ஜேபெக்கில் அப்படி நிரம்பியது திரும்பாது. நிழலில், சாம்பல் அட்டையோடு, சற்று இருட்டாக, முடிந்தால் RAW கோப்பாக எடுங்கள். திருத்தும்போது சேலையைப் பக்கத்தில் விரித்து, நிறம் அளந்து சரிசெய்த மானிட்டரில் ஒப்பிடுங்கள். sRGB-யில் ஏற்றுமதி செய்யுங்கள். வாங்குபவரின் கைப்பேசித் திரை எப்படிக் காட்டும் என்பதற்கு மட்டும் எனக்கும் மருந்து தெரியாது.

கோட்டையூரிலிருந்து: எங்கள் ஐயா கல்யாணப் படத்தில் பூஞ்சை. இதையும் மொத்தமாகச் செய்வீர்களா?

அது வேறு தொழில். ஈரத்துணியால் துடைக்காமல் முதலில் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

காரைக்குடிப் படக்காரர்: ஒருவர் படத்துக்கு 3 ரூபாய் என்கிறார், நாளைக் காலைக்குள் தருவாராம். நீங்கள்?

அந்த 700 படக் கணக்கையே சொல்கிறேன். 640 எளிய படங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி என்றால் மூன்றரை மணி நேரம். என் கூலி படத்துக்கு 5 ரூபாய், 3,200. தூணோரம் 60 படங்கள், தலா ஆறு நிமிடம், ஆறு மணி நேரம். படத்துக்கு 40 வீதம் 2,400. ஆக 5,600, ஐந்து நாளில். ஒரே நாளில் வேண்டுமென்றால் பாதி கூடுதல்: 8,400. மூன்று ரூபாய்க்காரருக்கு 2,100 கிடைக்கும். அந்தக் காசுக்குத் தூணோரத்தை யாரும் கையால் தொடமாட்டார்கள். குவியலுக்கு இரண்டு மாதிரிப் படங்களை முதல் நாளே அனுப்பி, ஒப்புதலை எழுத்தில் வாங்குவேன். அதற்குப் பிறகு ஒரு சுற்றுத் திருத்தம் இலவசம்.

தேவகோட்டை ஸ்டூடியோக்காரர்: பெண்ணைச் சிவப்பாக்கச் சொன்னால் அதுவும் இலவசமா?

நான் மறுத்துவிடுவேன், இரண்டு வேலைகள் அதனால் கைவிட்டுப் போயிருக்கின்றன. நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது உங்கள் பாடு.

காரைக்குடிப் படக்காரர்: 5,600 என்றால் எனக்குக் கட்டாது அக்கா.

அப்படியானால் எளிய நான்கு குவியல்களையும் நீங்களே முடியுங்கள். தூணோரம் 60-ஐ மட்டும் RAW கோப்பாக அனுப்புங்கள், உங்கள் முற்றத்துத் தாய்ப் படத்தோடு.