கோட் லேபல் ஏன் உருண்டு விழவில்லை?

"உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்துத்தான் கோட் தைத்தேன், ஆனாலும் காலருக்குக் கீழே மார்பில் மடிந்து விழும் லேபல் அட்டை மடித்தது போல நிற்கிறது. எங்கே தப்பு?"

அநேகமாக மேசையில் தட்டையாக விரித்துவைத்து, கேன்வாஸைத் துணியோடு இணைக்கும் பேட் ஸ்டிச் போட்டிருப்பீர்கள். கேன்வாஸ் மேலே தெரிய, லேபலை இடது ஆள்காட்டி விரலின் மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும். வெளிவளைவில் இருக்கும் கேன்வாஸுக்கு நீளம் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், உள்ளே இருக்கும் துணிக்குக் குறைவு, அந்த வித்தியாசத்தைத் தையல் அப்படியே பூட்டிவிடுவதால்தான் லேபல் தானாக உருளுகிறது. மடிப்புக்கோட்டருகே தையல் 1 செ.மீ., நுனிக்குப் போகப்போக அதில் பாதி. ஊசி துணியில் ஓரிரு இழைதான் எடுக்கணும். ஆழமாகப் போனால் மறுபக்கம் குழி குழியாகத் தெரியும்.

அப்புறம், மடிப்புக்கோட்டுக்குச் சற்று உள்ளே, மார்புப் பக்கமாக, அந்தக் கோட்டைவிட 1 செ.மீ. குட்டையான நாடாவை வைத்து, நடுப்பகுதியில் துணியைச் சுருக்கித் தையுங்கள். தைத்ததும் விரலை எடுத்துப் பாருங்கள், லேபல் சுருண்டே நிற்கணும். முக்கியமா, மேல்பட்டனுக்கு மேலே மடிப்பின் கீழ்ப்பகுதியில் இஸ்திரிப்பெட்டியை அழுத்தவே கூடாது!