‘தமிழுக்கு மாற்றித் தாருங்கள்’ என்றால் எதை மாற்றுவது?

கேள்வி: உறுப்பினர் பட்டியல் ஒன்றை எக்செல் கோப்பாக அனுப்பி, ‘இதைத் தமிழுக்கு மாற்றித் தாருங்கள்’ என்றார் ஒரு வாடிக்கையாளர். 60 வரிகளையும் மொழிபெயர்த்து அனுப்பினேன். ‘தமிழில்தானே கேட்டேன், ஏன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள்?’ என்கிறார். எங்கே தவறினேன்? மறுபடி எப்படித் தொடங்குவது?

பதில்: மொழியை மாற்றுவதா, எழுத்தை மட்டும் மாற்றுவதா என்பதை அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால், ‘மொழிபெயர்ப்பா, ஒலிபெயர்ப்பா?’ என்று கேட்டிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘தமிழில் இருந்தால் போதும்’ என்றுதான் பதில் வரும். கேள்வியை அவரிடம் கேட்பதற்கு முன் கோப்பிடம் கேளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டைத் தனித்தனியாகப் பாருங்கள்: அங்கே இருக்கும் மொழி எது, எழுத்து எது? உறுப்பினர் பட்டியல்களில் ஒரு வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
S. Arun | Treasurer | nalai vara mudiyathu, kal vali
```

மூன்று கட்டங்களும் ஆங்கில எழுத்துதான். ஆனால் மூன்றும் மூன்று வேலைகள். முதல் கட்டம் பெயர்; அதற்கு மொழிபெயர்ப்பே கிடையாது, ஒலியைத் தமிழ் எழுத்தில் கொண்டுவர வேண்டும். இரண்டாவது ஆங்கிலச் சொல். ‘பொருளாளர்’ என்று மொழிபெயர்க்கலாம், ‘டிரெஷரர்’ என்று ஒலியை மட்டும் எழுதவும் செய்யலாம். மூன்றாவது ஏற்கெனவே தமிழ். அதற்குத் தேவை தமிழ் எழுத்து மட்டுமே. மூன்றையும் ஒரே முறையில் மாற்றினால் ஏதாவது இரண்டு கெடும். நான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வருகைப் பட்டியலில் ‘ஜாய்’ என்ற பெயரை மொத்தமாகத் தேடி மாற்றியபோது அகப்பட்டுக்கொண்டேன். ‘மகிழ்ச்சி – வரவில்லை’ என்று அச்சாகிவிட்டது.

பெயர்களில் இருந்து தொடங்குவோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதாமல் ஒலியைக் கேட்டு எழுத வேண்டும். ‘Dinesh’ என்பது தினேஷ், ‘David’ என்பது டேவிட். முதல் எழுத்து ஒன்றுதான், தமிழில் இரண்டாகப் பிரிகிறது. ‘Arun’ அருண் ஆகும், அருன் ஆகாது. இதை அந்த நான்கு எழுத்துகளில் எதுவும் உங்களுக்குச் சொல்லாது, பெயரை முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதைவிடத் தொல்லை தருவது இனிஷியல். ‘S.’ என்பதை ‘எஸ்.’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழ் முறைப்படி எழுத வேண்டுமென்றால் அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் முழுப் பெயர் வேண்டும். சுப்பையா என்றால் சு. அருண், செல்வம் என்றால் செ. அருண், சாமிநாதன் என்றால் சா. அருண். ஊகித்து எழுதினால் ஒருவருடைய தந்தை பெயரையே மாற்றிவிடுவீர்கள். முழுப் பெயர் கிடைக்காதவரை ‘எஸ்.’ என்றே விட்டுவிடுவதுதான் என் வழக்கம்.

மூன்றாவது கட்டம் பார்ப்பதற்கு எளிது, ஏமாற்றுவது அதுதான். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்பவர்கள் குறில், நெடில் பார்ப்பதில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்தைப் போடுகிறார்கள். அதனால் ‘vali’ என்பது வலி, வளி, வழி, வாலி, வாளி என்று ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். ‘kal’ என்பது கல், கால், கள் மூன்றில் ஒன்று. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் ‘கல் வலி’ என்று வரும். உறுப்பினர் வர முடியாததற்குக் காரணம் சொல்கிறார் என்று புரிந்துகொண்டவருக்குத்தான் ‘கால் வலி’ என்று எழுத வரும். ஆகவே இந்த நெடுவரிசையைக் கருவியில் போட்டு எடுத்தாலும், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு ஒருமுறை படித்துவிடுங்கள். படிக்கும்போது திருத்தும் ஆசை வரும். அவர் ‘vanga’ என்று எழுதியிருந்தால் ‘வாங்க’ என்றே எழுதுங்கள். ‘வாருங்கள்’ என்பது எழுத்து மாற்றம் அல்ல, பிரதியைச் செம்மைப்படுத்தும் வேறு வேலை. அதைத் தனியாகக் கேட்டால் தனியாகச் செய்யலாம்.

இவை மூன்றும் அல்லாத நான்காவது ஒன்றும் சில கோப்புகளில் ஒளிந்திருக்கும். இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் பதற வேண்டாம்:

```
tzf;fk;
```

இது ‘வணக்கம்’. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததால் உள்ளே இருக்கும் ஆங்கிலக் குறிகள் வெளியே தெரிகின்றன. சொல்லுக்கு நடுவிலும் கடைசியிலும் அரைப்புள்ளி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அடையாளம், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த விசையில் இருக்கிறது. இங்கே மொழியும் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. யூனிகோடுக்குக் குறிமாற்றம் செய்தால் போதும். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்களோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அவற்றை முதலில் வெட்டித் தனியே வையுங்கள். மாற்றிக்கு வேறுபாடு தெரியாது. ‘the’ என்பதைக் கொடுத்தால் ‘வாந’ என்று திருப்பித் தரும். இன்னொன்று, பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன்னால் தட்டப்படுகின்றன. யூனிகோடில் அவை மெய்க்குப் பின்னால் பதிவாகின்றன. மாற்றி இதைச் சரியாகச் செய்யாவிட்டால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளி வட்டம் ஒன்றோடு தனியே நிற்கும். கெ, கே, கொ, கோ வரும் சொற்களை மட்டும் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் வாடிக்கையாளருக்கு வருவோம். விளக்கம் எழுதாதீர்கள். அவருடைய கோப்பிலிருந்தே ஒரு வரியை எடுத்து இரண்டு விதமாகச் செய்து அனுப்புங்கள்:

```
1. எஸ். அருண் | டிரெஷரர் | நாளை வர முடியாது, கால் வலி
2. எஸ். அருண் | பொருளாளர் | நாளை வர முடியாது, கால் வலி
```

‘எது வேண்டும், 1 அல்லது 2?’ என்ற ஒரே கேள்வி போதும். ‘எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள்’ என்று அவர் குறைபட்டதைப் பார்த்தால் முதலாவதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். பழகிய ஆங்கிலப் பதவிப் பெயர் தமிழ் எழுத்தில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவர் பதில் வந்த பிறகு, மூலத்தின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அருகில் புதிதாக ஒன்றைச் சேர்த்து அதில் வேலை செய்யுங்கள். மூலத்தின் மேலேயே எழுதிவிட்டால், ‘கால் வலி’ சரியா என்று அவர் கேட்கும்போது காட்டுவதற்கு ‘kal vali’ இருக்காது. இனிஷியல் தெரியாத பெயர்களை மஞ்சள் நிறத்தில் குறித்து, முழுப் பெயரை எழுத ஒரு காலி நெடுவரிசையும் வைத்து அனுப்புங்கள்.