வேலையில் இருந்துகொண்டே வேலை தேடுவது: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

ஆறு வருடமாக ஒரே கம்பெனியில் இருக்கிறேன். இப்போது வெளியே தேடுகிறேன். இரண்டு இடங்களில் முதல் சுற்று முடிந்து, அடுத்த வாரம் இரண்டு பேருமே வேலை நேரத்தில் ஒரு மணி நேர வீடியோ இன்டர்வியூ கேட்கிறார்கள். ஏற்கெனவே பல்வலி என்று ஒருமுறை, காய்ச்சல் என்று ஒருமுறை லீவு எடுத்தாகிவிட்டது. இனி என்ன சொல்வது? ஒரு விண்ணப்பப் படிவத்தில் தற்போதைய மேனேஜரின் பெயரும் போன் நம்பரும் கேட்கிறார்கள். பக்கத்து சீட் நண்பனிடமாவது சொல்லலாமா? மேனேஜருக்குத் தெரிந்தால் அடுத்த புராஜெக்ட்டிலிருந்து தூக்கிவிடுவார். பெயர் வெளியிட வேண்டாம்.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உடம்பை விட்டுவிடுங்கள். பல்வலி என்று சொன்னால் மறுநாள் யாராவது "எந்த டாக்டர்?" என்று அக்கறையாகக் கேட்பார்கள். அதற்கு ஒரு பொய், பிறகு அதை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு பாடு. "சொந்த வேலை இருக்கிறது" என்று நாலைந்து நாள் முன்பே லீவு போடுங்கள். முன்கூட்டிப் போடும் லீவை யாரும் கிளறுவதில்லை. காலையில் திடீரென்று வரும் மெசேஜ்தான் கண்ணில் படும். அதுவும் ஒன்று தனியாக வந்தால் பரவாயில்லை. திடீர் அரைநாள் லீவு, போன் அடித்ததும் மாடிப்படிக்கு ஓடுவது, வழக்கமில்லாமல் இஸ்திரி போட்ட சட்டை என்று மூன்றும் ஒரே மாதத்தில் சேர்ந்தால், துப்பறியும் புத்தி இல்லாத மேனேஜருக்கும் புரிந்துவிடும்.

அடுத்த வாரத்துக்கு வருவோம். "எப்போது ஃப்ரீ?" என்று ரெக்ரூட்டர் கேட்டால் "எப்போது வேண்டுமானாலும்" என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நேரத்தை நீங்கள் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் இப்படி எழுதலாம்: "நான் தற்போது பணியில் இருக்கிறேன், இந்தத் தேடல் அலுவலகத்துக்குத் தெரியாது. வியாழன் காலை 10 மணி அல்லது மதியம் 2.30 வசதிப்படும். இல்லையென்றால் எந்த நாளும் காலை 8 மணிக்கு அல்லது மாலை 6.30க்குப் பிறகு." இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். எதிரே உட்காரப்போகிறவரும் பெரும்பாலும் இதே மாதிரி ஒளிந்து வந்து சேர்ந்தவர்தான்.

ஒருவருக்கு வியாழன் காலை 10, இன்னொருவருக்கு 2.30. ஒரே நாள் லீவில் இரண்டும் முடியும். ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். ஒரு மணி நேர இன்டர்வியூவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சு நன்றாகப் போனால் அரை மணி நேரம் இழுக்கும், இழுப்பது நல்ல அறிகுறியும்கூட. இரண்டு இடத்தையும் ஒரே வேகத்தில் நகர்த்துவதில் இன்னொரு லாபம், முடிவுகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். ஒரு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்காகத் தவம் கிடக்க வேண்டாம். முழுநாள் லீவை இப்படிப்பட்ட சுற்றுகளுக்கும் நேரில் போகும் கடைசிச் சுற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரப் போன் பேச்சுக்கெல்லாம் காலையும் மாலையும் போதும்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில், மீட்டிங்குகளுக்கு நடுவே ஒளித்து முடித்துவிடலாம் என்று தோன்றும். நான் அதைச் சொல்லமாட்டேன். அது சம்பளம் வாங்கும் நேரம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இன்டர்வியூ நடுவில் மேனேஜர் கூப்பிட்டால் இரண்டு பக்கமும் கெடும்.

இனி பலரும் கவனிக்காத ஒன்று. இன்டர்வியூ லிங்க் டீம்ஸில் வருகிறது என்று வையுங்கள். உங்கள் போனில் டீம்ஸ் ஆப் இருக்கிறது, அதில் அலுவலகக் கணக்கு லாகின் ஆகியிருக்கிறது. லிங்க்கைத் தொட்டதும் ஆப் திறக்கும், நீங்கள் அலுவலகக் கணக்கிலேயே உள்ளே போய்விடுவீர்கள். எதிர்த்தரப்புக்கு உங்கள் கம்பெனி அடையாளம் தெரிவதைவிட, உங்கள் அலுவலக ஐ.டி. பிரிவின் பதிவுகளில் அந்த அழைப்பு ஏறுவதுதான் கவலை. வேலைக்கான கணக்கு எதுவும் இல்லாத சொந்த லேப்டாப்பில், பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் லிங்க்கைத் திறந்து, ஆப் வேண்டாம், பிரவுசரிலேயே சேர்கிறேன் என்று தேர்ந்தெடுத்து, பெயரைத் தட்டி விருந்தினராக நுழையுங்கள். முதல் நாள் இரவே ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தப் பெயரில் உள்ளே போகிறீர்கள் என்று சேரும் முன்பே திரையில் தெரியும்.

ரெஸ்யூமும் அப்படித்தான். அலுவலக லேப்டாப்பில் திருத்துவதும் அலுவலகப் பிரின்டரில் எடுப்பதும் வேண்டாம். லிங்க்ட்இன்னில் "Open to work" போட்டால் "Recruiters only" என்பதைத் தேர்ந்தெடுங்கள். புகைப்படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வராது. உங்கள் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமல் இருக்க முயல்வோம் என்றுதான் லிங்க்ட்இன்னும் சொல்கிறது, முழு உத்தரவாதம் தருவதில்லை. கன்சல்டன்ட் மூலம் போனால், "என்னைக் கேட்காமல் எந்தக் கம்பெனிக்கும் என் ரெஸ்யூமை அனுப்பாதீர்கள்" என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். சுற்றிச் சுற்றி சொந்தக் கம்பெனி ஹெச்.ஆர். மேஜைக்கே ரெஸ்யூம் வந்து சேர்ந்த கதைகள் உண்டு.

படிவத்தில் மேனேஜர் நம்பர் கேட்கும் இடத்தில், முன்பு உங்களோடு வேலை பார்த்து இப்போது வேறு கம்பெனியில் இருக்கும் மேனேஜரின் விவரத்தைக் கொடுங்கள், அவரிடம் முதலில் கேட்டுவிட்டு. தற்போதையவர் கட்டத்தில் "பணியிலிருந்து விலகிய பிறகு தருகிறேன்" என்று எழுதினால் போதும். ஆனால் உண்மையான ஆபத்து இந்தப் படிவத்தில் இல்லை, ஆஃபருக்குப் பிறகு வருகிறது. பின்னணிச் சரிபார்ப்பைப் பல கம்பெனிகள் வெளி ஏஜென்சியிடம் கொடுக்கின்றன. ரெக்ரூட்டர் உங்களுக்குக் கொடுத்த வாக்கு அந்த ஏஜென்சியில் ஃபைலைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு உங்கள் ஹெச்.ஆருக்கு மெயில் தட்டிவிடுவார். ஏஜென்சியின் படிவத்தில் தற்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா என்ற கேள்வி இருந்தால் "இல்லை" என்று குறித்து, எந்தத் தேதிக்குப் பிறகு கேட்கலாம் என்று எழுதுங்கள். அதே வரியை ரெக்ரூட்டர், ஏஜென்சி இருவருக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். சம்பளமும் சேரும் தேதியும் எழுதிய ஆஃபர் லெட்டர் வந்து, பழைய வேலை, படிப்பு பற்றிய சரிபார்ப்பு முடிந்துவிட்டது என்று எழுத்தில் கிடைக்கும்வரை ராஜினாமா மெயிலை அனுப்ப வேண்டாம். "சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று ஆஃபரில் ஒரு வரி இருந்தால், அது இன்னும் திரும்பப் பெறக்கூடிய ஆஃபர்.

பக்கத்து சீட் நண்பனிடம் சொல்ல வேண்டாம். அவர் காட்டிக்கொடுப்பார் என்பதல்ல. அடுத்த புராஜெக்ட்டுக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தில் மேனேஜர் உங்கள் பெயரைச் சொல்லும்போது, நண்பர் ஒரு நொடி முகத்தைத் திருப்பினால் போதும். தவிர, நீங்கள் போனபின் உங்கள் வேலை அவர் தலையில்தான் விழும். தெரிந்தும் சொல்லவில்லை என்ற பழியும் அவருக்கு வரும். புதிய கம்பெனிக்குள் உங்களைப் பரிந்துரைத்தவர் யாராவது இருந்தால், அவரிடம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது ரகசியம் என்று அவருக்குத் தானாகத் தோன்றாது.

மேனேஜரே ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டால், "சேச்சே, இல்லவே இல்லை" என்று சத்தியம் செய்யாதீர்கள். ஒரு மாதத்தில் நோட்டீஸ் கொடுக்கும்போது அந்த வார்த்தை உங்களுக்கு எதிராக நிற்கும். நாளை ரெஃபரன்ஸ் கேட்டு அவரிடமே போக வேண்டியிருக்கும். "வாய்ப்புகள் காதில் விழத்தான் செய்கின்றன, நான் எந்த முடிவும் எடுக்கவில்லை" என்று சொல்லுங்கள். ஆஃபர் கையெழுத்தாகும்வரை அது உண்மையும்கூட. சொல்லிவிட்டு, புதிய புராஜெக்ட்டில் உங்களுக்கு என்ன பொறுப்பு என்று கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலிருந்து, அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது உங்களுக்கே ஓரளவு பிடிபடும்.