ஆரஞ்சு நிறம் ஆபத்தில்லை, வீங்கிய இமைதான் ஆபத்து

டாக்டர், எனக்கு 41 வயசு, குடியாத்தம். நாலு வருஷமா மாசம் ஒரு தடவை தலைக்கு மருதாணி போடறேன். தம்பி கல்யாணத்துக்குக் கொஞ்சம் பிரவுனா இருக்கட்டும்னு வீட்டிலேயே ப்ளீச் போட்டேன். காது வரைக்கும் கேரட் மாதிரி ஆயிடுச்சு, அதுக்குக் கீழே செங்கல் நிறம், அங்கங்க கறுப்புத் திட்டு. எங்க போர் தண்ணியாலயா, இல்ல ஈரல்ல ஏதாவது கோளாறா? சீப்புல முடி வேற வருது, மொட்டையாயிடுவேனோன்னு பயமா இருக்கு. இன்னொரு தடவை ப்ளீச் போடலாமா, இல்ல கறுப்பு டை அடிச்சு மூடிடட்டுமா? கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. (போன வருஷம் பாக்கெட் கறுப்பு மருதாணி போட்டப்ப மறுநாள் கண் இமை வீங்குச்சு. ஒரு அலர்ஜி மாத்திரை போட்டேன், ரெண்டு மூணு நாள்ல சரியாப் போச்சு.)

கறுப்பு டை வேண்டாம். டை பெட்டியை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் பிரிக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இவ்வளவு பெரிய கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட அந்தக் கடைசி வரிதான், அதற்கு வருகிறேன்.

ஈரல் நன்றாகத்தான் இருக்கும். ஈரல் கெட்டால் கண் மஞ்சளாகும், முடி ஆரஞ்சாகாது. போர் தண்ணீரும் காரணமில்லை. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சோப்பை நுரைக்க விடாது, அவ்வளவுதான். பாலாற்றுத் தண்ணீரைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன, இதையும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

உங்கள் கைவிரலைப் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. உள்ளங்கையில் வைத்த மருதாணி இரண்டு வாரத்தில் போய்விடுகிறது, நகத்தில் பட்டது மட்டும் நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை போவதில்லை. தோல் உதிர்ந்து புதுப்பித்துக்கொள்ளும், நகம் அப்படி உதிராது. முடியும் நகமும் கெரட்டின் என்கிற ஒரே புரதத்தால் ஆனவை. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் அந்தப் புரதத்தோடு ஒட்டிப் பிணைந்துகொள்கிறது. மேலே பூசிய பெயின்ட் போல அதைச் சுரண்டி எடுக்க முடியாது, ஒவ்வொரு மாதமும் போடப் போட அடுக்கு ஏறிக்கொண்டே போகும்.

ப்ளீச்சில் இருக்கும் பெராக்சைடு முடியின் சொந்தக் கறுப்பு நிறமியைத்தான் சாப்பிடும், லாசோனை அது அவ்வளவாக அசைக்காது. நம்மவர்களின் கறுப்பு முடியில் மருதாணியே படாமல் இருந்தாலும் ஒரு தடவை ப்ளீச் போட்டால் பெரும்பாலும் செம்பட்டையிலோ ஆரஞ்சிலோதான் வந்து நிற்கும், கறுப்பு போனதும் அதற்கு அடியில் இருக்கும் செம்மஞ்சள் நிறமி தெரிய ஆரம்பிக்கும். உங்களுக்கு அதன் மேல் லாசோனின் ஆரஞ்சும் சேர்ந்துகொண்டது. இத்தனை நாள் உள்ளே இருந்த கறுப்புதான் அந்த ஆரஞ்சை அடக்கி, பார்ப்பதற்கு நல்ல அரக்கு நிறமாகக் காட்டிக்கொண்டிருந்தது, அந்தக் கறுப்பை நீங்களே கழுவி எடுத்துவிட்டீர்கள்.

சரி, ஏன் எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இல்லை? முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் காது மட்டத்தில் இருக்கும் முடிக்கு வயது ஒரு வருடம், இடுப்புக்கு அருகில் இருக்கும் நுனி நாலைந்து வருடம் பழையது. நீங்கள் மாதாமாதம் வேரிலிருந்து நுனி வரை பூசியிருந்தால் வேர்ப்பக்கம் இரண்டு மூன்று பூச்சுதான் வாங்கியிருக்கும், நுனி நாற்பதுக்கு மேல் வாங்கியிருக்கும். மெல்லிய பூச்சு உள்ள இடம் கேரட்டாகவும், தடித்த பூச்சு உள்ள இடம் செங்கல்லாகவும் நிற்கிறது. போதாக்குறைக்கு மண்டைச் சூட்டில் வேர்ப்பக்கம் ப்ளீச் வேகமாக வேலை செய்யும், இந்த வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

காதுக்குக் கீழே மட்டும் கறுப்புத் திட்டு இருக்கிறது என்கிறீர்கள். காது வரைக்குமான முடி ஒரு வருடக் கணக்கு, நீங்கள் பாக்கெட் கறுப்பு மருதாணி போட்டதும் போன வருடம். அன்றைக்குத் தலையில் இருந்த முடியெல்லாம் இன்றைக்குக் காதுக்குக் கீழேதான் இருக்கிறது, அந்தச் சாயம்தான் ப்ளீச்சையும் தாண்டித் திட்டுத் திட்டாக நிற்கிறது.

அந்தப் பாக்கெட்டுக்கு வருவோம். மருதாணி கறுக்காது. எந்த ஊர் மருதாணியும் ஆரஞ்சு, சிவப்பு, அரக்கு இவற்றைத்தான் கொடுக்கும், அதற்கும் சில மணி நேரம் ஊற வேண்டும். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆகிறது என்றால் அதற்குள் பிபிடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரா-பினைலீன்டையமின் என்ற ரசாயனம் அது. பெட்டியில் வரும் கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் இதேதான். 'அமோனியா இல்லை' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், பக்கவாட்டில் பொடி எழுத்தில் பிபிடியோ அதன் பங்காளி ரசாயனமோ இருக்கும். அமோனியா வேறு, பிபிடி வேறு. அமோனியா இல்லாததால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

மறுநாள் இமை வீங்கியது பிபிடி ஒவ்வாமையின் அச்சு அசலான அடையாளம். உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது, சாயம் பட்டது தலையில் என்றாலும் முதலில் காட்டிக்கொடுப்பது இமையும் காது மடலும் பின்கழுத்தும்தான். நீங்கள் போட்ட மாத்திரையால் அது சரியாகவில்லை, தானாக அடங்கியது. ஒன்றிரண்டு நாள் கழித்துக் கிளம்பும் இந்த வகை ஒவ்வாமையில் அந்த மாத்திரைகள் அரிப்பைக் கொஞ்சம் தணிக்கலாம், ஒவ்வாமையைத் தொடக்கூட முடியாது. ஆனால் 'மாத்திரை போட்டேன், சரியாப் போச்சு' என்ற தைரியம் மட்டும் வந்துவிடுகிறது, அடுத்த பெட்டியை அந்தத் தைரியத்தில்தான் பிரிக்கிறார்கள்.

ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். முதல் தடவை டை அடித்தபோது காதோரம் வெறும் அரிப்பு. இரண்டாவது தடவை உங்களைப் போலவே இமை வீக்கம், ஒரு மாத்திரை. மூன்றாவது தடவை, மகள் வளைகாப்புக்கு முந்தின நாள் அடித்திருக்கிறார். வளைகாப்பு அன்று காலையில் இரண்டு கண்ணும் திறக்க முடியவில்லை, நெற்றியிலிருந்து நீர் கசிந்து தலையணை உறை ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. மகளுக்கு வளையல் போட்ட புகைப்படம் எதிலும் அவர் இல்லை. உடம்பு இந்த ரசாயனத்தை ஒரு தடவை எதிரியாகக் குறித்துவிட்டால் மறப்பதில்லை, அடுத்தடுத்த தடவை பெரும்பாலும் முன்னதைவிட மோசமாகத்தான் வரும்.

உங்களுக்கு இப்போது எங்காவது வீக்கமோ நீர்க்கசிவோ கொப்புளமோ இருந்தால் கல்யாண வேலையைப் போட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். இனி எந்தச் சாயமோ ப்ளீச்சோ போட்ட கொஞ்ச நேரத்திலேயே உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ தலையைக்கூட அலசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ப்ளீச் பொடியில் இருக்கும் பெர்சல்பேட் உப்பும் சிலருக்கு இப்படிச் செய்யும்.

இன்னொரு ப்ளீச்சும் வேண்டாம். லாசோன் போகாது, மிச்சமிருக்கும் முடிதான் போகும். அந்தப் பாக்கெட்டில் உலோக உப்பு கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், பெராக்சைடு பட்டதும் முடியே சூடேறி, ஆவி கிளம்பி, கையோடு வந்துவிடும். முதல் தடவை நீங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம். விவரம் தெரிந்த பார்லர்காரர் ஒரு சிறு கத்தை முடியை வெட்டி, 6 சதவீத பெராக்சைடு 30 மில்லியில் 20 சொட்டு அமோனியா விட்டு, அதில் அரை மணி நேரம் போட்டுப் பார்ப்பார். கிண்ணம் சூடானாலோ, நாற்றம் வந்தாலோ, முடி சட்டென்று நிறம் மாறினாலோ கையை எடுத்துவிடுவார். எலுமிச்சை, தேன், பட்டைப்பொடி என்று போனில் பார்த்ததையெல்லாம் தலையில் கொட்ட வேண்டாம், அவை ரசத்துக்கும் கஷாயத்துக்கும் ஆகும்.

மொட்டை பயத்துக்கு நீங்களே பதில் பார்க்கலாம். சீப்பில் வந்த முடியை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது, தினமும் ஐம்பது நூறு அப்படிப் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். குமிழ் இல்லாமல் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் ப்ளீச் பட்டு நடுவில் ஒடிந்தது. ஒடிந்தால் வேர் பத்திரமாக இருக்கிறது, வளர்ந்துவிடும். அப்புறம் ஈரமான ஒரு முடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டு திரும்பச் சுருங்காவிட்டால் அந்த முடி இனி எந்த ரசாயனத்தையும் தாங்காது. மண்டைத் தோல் வெந்து புண்ணாகியிருந்தால் மட்டும் காட்டியாக வேண்டும், ஆழமான புண் தழும்பானால் அந்த இடத்தில் முடி வராது.

கல்யாணத்துக்கு என்ன செய்வது? தலையில் புண் இல்லையென்றால் அவுரி இருக்கிறது. மருதாணியின் ஆரஞ்சு மேல் அவுரியின் நீலம் ஏறினால் அடர் பிரவுன் வரும். வேர்ப்பக்கம் மருதாணிப் பூச்சு மெல்லியது, அங்கே நேராக அவுரி போட்டால் பச்சை அடிக்கும். அதனால் முதலில் கொல்லையில் மருதாணிச் செடி இருந்தால் அந்த இலையையே அரைத்து வேர்ப்பக்கம் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அலசுங்கள். பிறகு வேறொன்றும் கலக்காத அவுரிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மேலே நீலம் பூக்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, தலையில் ஒரு மணி நேரம் வையுங்கள். பாக்கெட்டில் அவுரி இலை என்ற ஒரே பெயர் மட்டும் இருக்க வேண்டும், இரண்டாவதாக ஒரு பெயர் இருந்தாலும் வேண்டாம். பொடி பச்சையாகவும், மணம் காய்ந்த தழை போலவும் இருக்கும்.

இன்றைக்கே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள், அரித்தால் அதுவும் வேண்டாம். காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கத்தையில் போட்டுப் பார்த்து நிறம் பிடித்திருந்தால் மட்டும் தலை முழுக்கப் போடுங்கள். முதல் நாள் பச்சை கலந்தாற்போல் தெரியும், ஒன்றிரண்டு நாளில் கறுத்து அடங்கும், ஆகவே முகூர்த்தத்துக்கு மூன்று நாளாவது முன்னால் செய்துவிடுங்கள். ஒன்று, அவுரி ஏறிய முடியில் பிற்பாடு ப்ளீச் போட்டால் பச்சையாகும், அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

கல்யாணம் முடிந்ததும் தோல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். முதுகில் சின்னச் சின்னப் பட்டைகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி ஒன்றிரண்டு நாள் கழித்தும் பார்ப்பார்கள், அதுவரை முதுகு நனையக் குளிக்கக் கூடாது. போன வருடப் பாக்கெட்டின் உறை அலமாரியில் எங்காவது கிடந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.